டிடி விண்ணப்பச் சீட்டு: கமிஷன் கட்டுவதற்கு முன் பெயர், தொகை, நோக்கம் சரிபார்ப்பது எப்படி?

டிடி எடுக்க ஃபாரம் நிரப்பியாச்சு. கவுன்ட்டரில் நீட்டுவதற்கு முன்னால் என்ன பார்க்கணும்?

மூன்று இடங்களைப் பாருங்கள்: யார் பெயரில், எழுத்தால் தொகை, நோக்கம். மற்ற கட்டங்களில் ஏதாவது விட்டுப்போனால் கிளார்க்கே கேட்டுவிடுவார். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தப்பினால் கணினியில் வேறொருவர் பெயர் வரும், கையெழுத்து விட்டுப்போனால் சீட்டு திரும்பி வரும். இந்த மூன்றுக்கு அப்படி ஒரு தடுப்பு கிடையாது. நீங்கள் யாருக்குப் பணம் அனுப்ப நினைத்தீர்கள், எவ்வளவு அனுப்ப நினைத்தீர்கள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். சீட்டில் இருப்பதை அவர் அப்படியே தட்டச்சு செய்வார்.

சரிபார்க்கும்போது உங்கள் ஞாபகத்தை நம்ப வேண்டாம். கையேடு, விளம்பரம், ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு என்று எது டிடி கேட்டதோ அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் படம் எடுத்து வைத்திருந்தாலும் சரி. இடது கையில் அது, வலது கையில் சீட்டு. ஒவ்வொரு சொல்லாக ஒப்பிடுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ தட்டச்சு செய்து அனுப்பிய பெயரை மூலமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது ஏற்கெனவே ஒரு கை மாறி வந்தது.

பெயரில் ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகிவிடும்?

எந்த எழுத்து என்பதைப் பொறுத்தது. டிடியைப் பெறுகிறவர் அதைத் தன் வங்கிக் கணக்கில் போடுவார். அந்த வங்கி, டிடியில் உள்ள பெயரும் கணக்கின் பெயரும் ஒன்றுதானா என்று பார்க்கும். ஓர் எழுத்துப் பிழை இருந்தும் ஆள் ஒன்றே என்பது தெளிவாகத் தெரிந்தால் பல கிளைகளில் ஏற்றுக்கொண்டுவிடுவார்கள். ஆனால் அது அந்த அதிகாரியின் விருப்பம், உங்கள் உரிமை அல்ல. போதாததற்கு டிடி வங்கிக்குப் போகும் முன்பே, அதை வாங்கும் அலுவலகத்தில் ஒரு எழுத்தர் கையில் தங்கும். பெயர் தங்கள் அறிவிப்போடு பொருந்தவில்லை என்று அவர் திருப்பி அனுப்பினால், அதற்குள் கடைசித் தேதி போய்விட்டிருக்கும்.

அடிக்கடி வரும் பிழைகள் எழுத்துப்பிழை மாதிரியே தெரியாது. அகராதியில் உள்ள சொல்லாகவே இருக்கும். அதனால்தான் கண் வழுக்கிப் போகிறது. இவற்றைப் பாருங்கள்:

```
PRINCIPAL    -  PRINCIPLE
REGISTRAR    -  REGISTER
DIRECTOR     -  DIRECTORATE
```

இடது பக்கத்தில் முதல் இரண்டும் பதவிகள். வலது பக்கத்தில் முதலாவதற்குக் கொள்கை என்று பொருள், இரண்டாவது பதிவேடு. மூன்றாவது வரியில் இரண்டுமே சரியான சொற்கள்தான், இரண்டுமே அலுவலகங்களில் புழங்குபவை, ஆனால் ஒன்று அதிகாரி, இன்னொன்று துறை. கணக்கு எந்தப் பெயரில் இருக்கிறது என்பதை அறிவிப்பு மட்டுமே சொல்லும்.

பெரிய எழுத்தா சின்ன எழுத்தா, காற்புள்ளி உண்டா இல்லையா, முன்னால் `THE` இருக்கிறதா என்பதற்கெல்லாம் பொதுவாக யாரும் டிடியைத் திருப்புவதில்லை. பயப்பட வேண்டியது சொல் மாறுவதற்கும், சொல் விட்டுப்போவதற்கும்.

காலேஜ் பெயர் சரியாத்தான் எழுதியிருக்கேன். அது போதாதா?

பல சமயம் போதாது. ஒரே நிறுவனத்துக்குப் பல வங்கிக் கணக்குகள் இருக்கும். கல்விக் கட்டணத்துக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று, பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு ஒன்று. கல்விக் கட்டணத்தை முதல்வர் பெயரிலும் விடுதிக் கட்டணத்தை விடுதிக் காப்பாளர் பெயரிலும் தனித்தனி டிடியாகக் கேட்பது இதனால்தான். இரண்டையும் கூட்டி ஒரே டிடியாக எடுத்துப்போனால் கமிஷன் மிச்சமாகும், அட்மிஷன் நடக்காது.

யார் பெயரில் என்ற கட்டத்தில் எழுத வேண்டியது பணம் போய்ச்சேரும் கணக்கின் பெயர். அது பெரும்பாலும் பதவிப் பெயரில் தொடங்கும். அந்தப் பதவியில் இப்போது இருப்பவரின் சொந்தப் பெயரை எழுதிவிடாதீர்கள். எழுதினால் அது அவருக்கே தனிப்பட்ட முறையில் கொடுத்த பணம் ஆகிவிடும், அலுவலகக் கணக்கில் சேராது.

அறிவிப்பில் தமிழில்தான் பெயர் இருக்கு. இங்கிலீஷில் நானே எழுதிக்கலாமா?

வேண்டாம். தமிழில் ஒரே மாதிரி எழுதும் ஊர்ப்பெயருக்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வடிவங்கள் உண்டு. திருச்சி என்றால் `TRICHY`, `TIRUCHIRAPPALLI` இரண்டும் புழக்கத்தில் உள்ளன. தூத்துக்குடிக்கு `THOOTHUKUDI`, `TUTICORIN`. கணக்குத் தொடங்கிய நாளில் எப்படி எழுதினார்களோ, அதுவே இன்றும் கணக்கின் பெயராக இருக்கும். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்து, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. எந்த எழுத்து சரி என்ற விவாதம் அப்படியே இருக்கட்டும். டிடிக்கு வேண்டியது அந்தக் கணக்கில் உள்ள எழுத்து.

அதனால் அந்த அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, "டிடி எந்தப் பெயரில் எடுக்கணும், இங்கிலீஷ் ஸ்பெல்லிங் சொல்லுங்க சார்" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் இணையதளத்தில் ஆங்கில அறிவிப்பு இருந்தால் இன்னும் நல்லது. சீட்டைத் தமிழில் நிரப்ப உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பெறுநர் பெயரை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதுங்கள். டிடி பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் அச்சாகிறது. தமிழில் எழுதினால் அதை ஆங்கிலமாக்கும் வேலை கவுன்ட்டரில் இருப்பவர் கைக்குப் போய்விடும், அவருக்குத் தோன்றுகிற எழுத்து டிடியில் ஏறும்.

பெயர் ரொம்ப நீளம், கட்டத்தில் இடம் பத்தலை. சுருக்கலாமா?

அறிவிப்பிலேயே சுருக்கம் கொடுத்திருந்தால் அதை எழுதுங்கள். இல்லாவிட்டால் முழுப்பெயரையும் சிறிய எழுத்தில், தேவைப்பட்டால் இரண்டு வரியாக எழுதிவிடுங்கள். காகிதத்தில் இடம் போதாதது சின்னப் பிரச்சினை. கணினியில் பெயருக்கு ஒதுக்கிய இடம் தீர்ந்துபோவதுதான் பெரிய பிரச்சினை. பெயர் நடுவில் வெட்டுப்பட்டு அச்சாகும். "சார், பெயர் நீளமா இருக்கு, முழுசா வருதான்னு பார்த்துச் சொல்லுங்க" என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். வராது என்றால் எதைச் சுருக்குவது என்று நீங்கள் சொல்ல வேண்டும். `GOVERNMENT` என்பதை `GOVT` ஆக்குவதில் சிக்கல் இல்லை. கடைசியில் இருக்கும் ஊர்ப்பெயரோ கணக்கின் பிரிவோ வெட்டுப்படுவது சிக்கல், ஏனென்றால் ஒரே மாதிரிப் பெயருள்ள அலுவலகங்களைப் பிரித்துக்காட்டுவது அந்த வால்தான்.

எந்த ஊரில் செலுத்தத்தக்கது என்று ஒரு கட்டம் இருக்கு. கட்டாயமா?

அறிவிப்பில் ஊர் சொல்லியிருந்தால் அதையே எழுதுங்கள். நீங்கள் எடுக்கிற கிளை இருக்கும் ஊர் அல்ல, பெறுகிறவரின் வங்கி இருக்கும் ஊர். உங்கள் ஊரிலேயே செலுத்த வேண்டிய டிடி என்றால் சில வங்கிகள் அதற்குப் பதிலாக பேங்கர்ஸ் செக் தருவார்கள். அறிவிப்பில் டிடி மட்டும்தான் என்று இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எண்ணால் எழுதியாச்சு. எழுத்தாலும் எதுக்கு எழுதணும்?

காசோலையில் எண்ணும் எழுத்தும் மாறினால் எழுத்தால் உள்ள தொகையே செல்லும் என்பது பலருக்கும் தெரியும். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 18-ஆவது பிரிவு சொல்வது அதைத்தான். இதை நம்பி, விண்ணப்பச் சீட்டிலும் எழுத்தால் சரியாக எழுதிவிட்டால் போதும், எண்ணில் சின்னப் பிசகு இருந்தாலும் காப்பாற்றிவிடும் என்று நினைக்கிறார்கள். காப்பாற்றாது. அந்தப் பிரிவு காசோலை, டிடி போன்ற ஆவணங்களுக்கானது. நீங்கள் நிரப்பும் சீட்டு அப்படிப்பட்ட ஆவணம் இல்லை, வங்கிக்கு நீங்கள் கொடுக்கும் கோரிக்கை மட்டுமே.

நடைமுறையில் நடப்பது இது. கிளார்க் கணினியில் எண்ணைத் தட்டுகிறார். பொதுவாக எழுத்தால் தொகையை மென்பொருளே அந்த எண்ணிலிருந்து உருவாக்கி அச்சிட்டுவிடும். அதனால் டிடியில் எண்ணும் எழுத்தும் எப்போதும் ஒத்துப்போகும், தொகை தப்பாக இருந்தாலும் ஒத்துப்போகும்! டிடியைக் கையில் வாங்கி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து நிம்மதியடைவதில் பயன் இல்லை, அவை ஒரே எண்ணின் இரண்டு வடிவங்கள்.

ஆகவே இரண்டையும் ஒரு மனிதன் தனித்தனியாக யோசித்து எழுதும் ஒரே இடம் விண்ணப்பச் சீட்டுதான். எழுத்தால் எழுதுவதன் முழுப்பயனும் அங்கேதான் இருக்கிறது. மேலே எழுதிய எண்ணைப் பார்த்து எழுத்தாக்காதீர்கள். அறிவிப்பில் உள்ள தொகையைப் பார்த்து எழுத்தால் எழுதுங்கள், அப்புறம் அதை எண்ணோடு ஒப்பிடுங்கள். எண்ணைப் பார்த்தே எழுத்தை எழுதினால், எண்ணில் விழுந்த தப்பு எழுத்திலும் அழகாக ஏறிவிடும்.

எழுத்தால் எழுதும்போது எங்கே தப்பு வரும்?

பூஜ்யம் இருக்கும் இடத்தில். 30,250, 30,025, 32,050 மூன்றும் ஒரே இலக்கங்களால் ஆனவை. அவசரத்தில் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகவே தெரியும். எழுத்தால் எழுதினால் முப்பதாயிரத்து இருநூற்று ஐம்பது, முப்பதாயிரத்து இருபத்தைந்து, முப்பத்திரண்டாயிரத்து ஐம்பது என்று மூன்றும் வேறு வேறாகக் காதில் விழும். அதனால் எழுதியதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு முப்பதும் பதின்மூன்றும், ஐம்பதும் பதினைந்தும் குழம்பும். `FORTY` என்பதில் ஓர் `U` சேர்த்துவிடுவது பிழைதான், ஆனால் தொகை மாறாது. `THIRTY` என்பது `THIRTEEN` ஆவது தொகையையே மாற்றிவிடும். இலட்சம் வரும் தொகையில் காற்புள்ளியை நம் முறைப்படியே போடுங்கள்: 1,20,500. அதை 120,500 என்று எழுதினால் படிக்கிறவர் ஒரு கணம் தடுமாறுவார், அந்தத் தடுமாற்றத்துக்கு இடம் தர வேண்டாம்.

தமிழில் எழுத்தால் எழுதலாம், தாராளமாக. முடிவில் 'மட்டும்' என்று போட்டு, மீதி இடத்தில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். எண்ணுக்கு முன்னால் ரூபாய்க் குறிக்கும் முதல் இலக்கத்துக்கும் இடையே இடைவெளி விடாதீர்கள்.

கமிஷனையும் சேர்த்துத்தான் தொகை எழுதணுமா?

கூடாது. டிடியின் தொகை, பெறுகிறவருக்குப் போய்ச்சேர வேண்டிய தொகை. கமிஷன் வங்கிக்கு, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சீட்டில் கமிஷனுக்கும் மொத்தத்துக்கும் தனிக் கட்டங்கள் இருக்கும். கமிஷன் எவ்வளவு என்பது வங்கிக்கு வங்கி மாறும், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கிளார்க்கே நிரப்பிக்கொள்வார்.

இரண்டு விதமாகத் தப்பு நடக்கிறது. ஒன்று, கமிஷனைத் தொகையோடு கூட்டி எழுதுவது. அப்போது டிடி கூடுதல் தொகைக்கு வரும். சில அலுவலகங்கள் கூடுதலாக இருந்தாலும் வாங்க மாட்டார்கள், அவர்களுடைய கணக்கில் அது இடிக்கும். இரண்டு, கையில் சரியாக 5,000 ரூபாய்தான் இருக்கிறது, கமிஷன் அதிலிருந்தே போகட்டும் என்று குறைத்து எழுதுவது. கட்டணம் 5,000 என்றால் 4,900-க்கு எடுத்த டிடி எதற்கும் உதவாது. மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்றாலும் கேட்க மாட்டார்கள்.

நோக்கம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதிட்டேன். பரவாயில்லையா?

டிடி கிடைத்துவிடும். ஆனால் அந்தச் சொல் யாருக்கும் எதையும் சொல்லாது. பரிவர்த்தனை எதற்காக நடந்தது என்று தன் பதிவேட்டில் வைத்துக்கொள்ளத்தான் வங்கி நோக்கத்தைக் கேட்கிறது. நாளைக்கு டிடி தொலைந்தோ, ரத்து செய்ய வேண்டியோ நீங்கள் திரும்பப் போகும்போது, அந்தச் சீட்டைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். 'விடுதிக் கட்டணம்', 'ஒப்பந்தப்புள்ளி முன்வைப்புத் தொகை', 'தேர்வுக் கட்டணம்' என்று இரண்டு மூன்று சொல்லில், பெறுநரின் பெயரோடு பொருந்தும்படி எழுதுங்கள். பெறுநர் விடுதிக் காப்பாளர், நோக்கமோ தேர்வுக் கட்டணம் என்றால் கிளார்க்குக்கே சந்தேகம் வரும். வரட்டும், அப்படி ஒரு கேள்வி எழுந்தால்தான் தப்பான பெயரில் டிடி போகாமல் நிற்கும். நோக்கத்தைச் சரியாக எழுதுவதில் எனக்குத் தெரிந்து மிகப்பெரிய லாபமே இதுதான்.

அப்போ நோக்கம் டிடியிலேயே அச்சாகிவிடுமா?

பொதுவாக ஆகாது. வாங்குகிறவர் கைக்குப் போகும்போது டிடியில் பெறுநர், தொகை, தேதி, வாங்கியவர் பெயர் இவைதான் இருக்கும். எந்த மாணவருக்காக, எந்த விண்ணப்ப எண்ணுக்காக என்பது இருக்காது. அதனால்தான் டிடியின் பின்பக்கத்தில் விண்ணப்பதாரர் பெயர், விண்ணப்ப எண், போன் எண் எழுதச் சொல்கிறார்கள். அறிவிப்பு சொல்லியிருந்தால் கட்டாயம் எழுதுங்கள். முன்பக்கத்தில் எதுவும் எழுதாதீர்கள், முக்கியமாக அடியில் காந்த மையில் எண்கள் அச்சான வெள்ளைப் பட்டையில் பேனாவும் படக்கூடாது, பின்னும் அடிக்கக்கூடாது.

பணம் அப்பா கணக்கிலிருந்து போகுது, கட்டணம் என்னுடையது. விண்ணப்பதாரர் யாரு?

வங்கியைப் பொறுத்தவரை கணக்கு யாருடையதோ அவர்தான் விண்ணப்பதாரர், கையெழுத்தும் அவருடையது. 2018 செப்டம்பர் 15 முதல் டிடியின் முகப்பிலேயே வாங்கியவர் பெயரை அச்சிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஆகவே டிடியில் அப்பா பெயர் இருக்கும். கல்விக் கட்டணத்தில் இதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை, பின்பக்கம் உங்கள் பெயரும் எண்ணும் இருந்தால் போதும். ஒப்பந்தப்புள்ளியில் கதை வேறு. ஏலம் கேட்பது நிறுவனம், டிடி பங்குதாரர் ஒருவரின் சொந்தக் கணக்கிலிருந்து என்றால் கேள்வி வரும். நிறுவனத்தின் கணக்கிலிருந்தே எடுங்கள்.

ஒரு சீட்டை முழுசா சரிபார்த்துக் காட்டுங்களேன்.

காட்டுகிறேன். ஒரு விடுதிக் கையேட்டில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: விடுதிக் கட்டணம் 24,750, திருப்பித் தரத்தக்க வைப்பு 5,000, பதிவுக் கட்டணம் 500, மொத்தத்துக்கும் ஒரே டிடி, சென்னையில் செலுத்தத்தக்கது. பெயர்:

```
THE PRINCIPAL AND WARDEN, MENS HOSTEL
```

மாணவரின் அப்பா நிரப்பிய சீட்டில் இருப்பது:

```
THE PRINCIPLE AND WARDEN, MENS HOSTEL
Rs. 30,225
```

எழுத்தால்: முப்பதாயிரத்து இருநூற்று ஐம்பது மட்டும். நோக்கம்: கல்லூரி. ஊர்: காலி.

முதலில் பெயர். ஒவ்வொரு சொல்லாகக் கையேட்டோடு வைத்துப் பார்த்தால் இரண்டாவது சொல்லிலேயே நின்றுவிடும். முதல்வர் கொள்கையாகிவிட்டார். எழுத்துத் திருத்தும் மென்பொருளில் போட்டாலும் இது சிக்காது, ஏனென்றால் இரண்டும் சரியான சொற்கள். வரியில் மீதி எல்லாம் சரி.

அடுத்து தொகை. எண்ணையும் எழுத்தையும் ஒப்பிடுவதற்கு முன், கையேட்டில் உள்ள மூன்றையும் ஒருமுறை கூட்டிவிடுங்கள்: 24,750-உம் 5,000-உம் 29,750, அதோடு 500 சேர்த்தால் 30,250. ஆக எழுத்தால் எழுதியது சரி, எண்ணில்தான் கடைசி இரண்டு இலக்கம் பிசகியிருக்கிறது. கவனமான கிளார்க் என்றால் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று சீட்டைத் திருப்பிக் கொடுப்பார். கூட்டம் நெருக்கும் நேரத்தில் எண்ணை மட்டும் பார்த்துத் தட்டினால், 30,225-க்கு டிடி வரும். அதில் எழுத்தாலும் முப்பதாயிரத்து இருநூற்று இருபத்தைந்து என்றே அச்சாகியிருக்கும், பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. விடுதி அலுவலகத்தில் 25 ரூபாய் குறைகிறது என்று திருப்பும்போதுதான் தெரியும்.

நோக்கத்தில் 'கல்லூரி' என்பதை 'விடுதிக் கட்டணமும் வைப்பும்' என்று மாற்றலாம். ஊர்க் கட்டத்தில் சென்னை. இத்தனை திருத்தம் இருக்கும்போது அடித்து எழுதி மேலே கையெழுத்துப் போட்டுச் சமாளிக்காதீர்கள். புதுச் சீட்டு ஒன்று வாங்கி எழுதுங்கள், அது இலவசம்தான். கமிஷன் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஜிஎஸ்டி 18 ரூபாய். கணக்கிலிருந்து போகும் மொத்தம் 30,368, டிடி 30,250-க்கு.

இந்த டிடி 20,000 ரூபாய்க்கு மேல் என்பதால் அக்கவுண்ட் பேயீ என்ற குறுக்குக் கோட்டோடுதான் வரும், பெறுநரின் வங்கிக் கணக்கில் மட்டுமே போட முடியும். பெயரில் உள்ள பிழை இங்கே இன்னும் கனமாகிறது. கொள்கையின் பெயரில் எந்த வங்கியிலும் கணக்கு இருக்காது.

ரொக்கமாகக் கட்டி எடுக்கலாமா?

50,000 ரூபாய்க்குக் கீழே என்றால் எடுக்கலாம். 50,000-உம் அதற்கு மேலும் என்றால் கணக்கிலிருந்தோ காசோலை மூலமோதான் முடியும், ரொக்கம் வாங்க மாட்டார்கள்.

காசோலை கொடுத்து எடுப்பதானால் அதில் பெயர் இடத்தைக் காலியாக விடாதீர்கள். இப்படி எழுதுவது வழக்கம்:

```
YOURSELF FOR DD FAVOURING ...
```

புள்ளிகள் இருக்கும் இடத்தில் சீட்டில் எழுதிய அதே பெறுநர் பெயர். இதனால் இன்னொரு நன்மை, பெயரை நீங்கள் இரண்டாவது முறை எழுதுகிறீர்கள். காசோலையில் ஒரு விதம், சீட்டில் ஒரு விதம் என்றால் அங்கேயே பிடிபடும்.

சீட்டைக் கொடுத்துவிட்டேன், அப்புறம்தான் தப்பு தெரிஞ்சது. இன்னும் டிடி வரலை.

உடனே போய்ச் சொல்லுங்கள். கிளார்க் பதிவு செய்வதும் அதிகாரி ஒப்புதல் தருவதும் இரண்டு தனி வேலைகள். அந்த இடைவெளியில் சொன்னால் பதிவை ரத்து செய்து புதிதாக எழுதச் சொல்வார்கள், செலவு இருக்காது. டிடி அச்சாகிக் கையெழுத்தும் ஆகிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

டிடி கைக்கு வந்ததும் என்ன பார்க்கணும்?

கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன், அறிவிப்பை மறுபடி எடுத்துப் பெயரை ஒப்பிடுங்கள். சீட்டோடு ஒப்பிட்டால் சீட்டில் இருந்த தப்பு தெரியாது. தொகை, தேதி, ஊர், வாங்கியவர் பெயர், அதிகாரியின் கையெழுத்து. பெரிய தொகைக்குச் சில வங்கிகளில் இரண்டு கையெழுத்து வேண்டும் என்று டிடியிலேயே அச்சிட்டிருக்கும், அதையும் படியுங்கள். முத்திரை குத்திய அடிக்கட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, டிடியை முன்னும் பின்னும் படம் எடுத்துவிடுங்கள்.

டிடியில் பெயர் தப்பா வந்துடுச்சு. பேனாவால் திருத்தித் தரச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். ஓர் அதிகாரி இரக்கப்பட்டு அடித்து எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாலும் வாங்காதீர்கள். வங்கிகளுக்கிடையே இப்போது காகிதம் போவதில்லை, அதன் படம்தான் போகிறது. திருத்தம் தெரியும் படத்தை மறுபக்கம் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரத்து செய்து புதிதாக எடுப்பதே வழி.

செலவு யார் தலையில் என்பது சீட்டைப் பொறுத்தது. சீட்டில் நீங்கள் சரியாக எழுதியிருந்து டிடியில் மாறியிருந்தால், வங்கியின் தப்பு. அடிக்கட்டையைக் காட்டிக் கட்டணமில்லாமல் மாற்றித் தரக் கேளுங்கள், கேட்பது நியாயம். சீட்டிலேயே தப்பு என்றால் ரத்துக் கட்டணமும் புதிய டிடிக்கான கமிஷனும் உங்களுடையவை. ரத்து செய்ய அசல் டிடி வேண்டும், வாங்கியவரின் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும். அதனால் தப்பான டிடியைக் கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், அப்புறம் பணத்தைத் திரும்பப் பெறுவது தொலைந்த டிடிக்கு உள்ள அத்தனை படிகளையும் ஏறிய பிறகுதான்.

கடைசித் தேதி தள்ளிப்போச்சு. பழைய டிடியே செல்லுமா?

டிடியில் உள்ள தேதியிலிருந்து 3 மாதம் செல்லும். 2012 ஏப்ரல் 1-க்கு முன் அது 6 மாதமாக இருந்தது, பழைய ஞாபகத்தில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். காலம் கடந்துவிட்டால் எடுத்த வங்கியிலேயே கொடுத்துச் செல்லுபடியை நீட்டிக்கக் கேட்கலாம். கட்டணமே இடையில் மாறியிருந்தால் நீட்டித்துப் பயனில்லை, புதிய தொகைக்குப் புதிய சீட்டு எழுத வேண்டியதுதான்.

நெட் பேங்கிங்கில் டிடி கேட்கலாம் என்கிறார்கள். அதில் இந்தத் தொல்லை இல்லையே?

வரிசையில் நிற்கும் தொல்லை இல்லை. மற்றபடி நீங்கள் தட்டிய எழுத்தே நேராக டிடியில் ஏறும். நடுவில் "இது என்ன சார் இப்படி எழுதியிருக்கீங்க" என்று கேட்க ஆள் கிடையாது. எழுத்தால் தொகை எழுதச் சொல்லாத பக்கம் என்றால் எண்ணைச் சோதிக்கவும் வழியில்லை. அதனால் உறுதிசெய்யும் பக்கம் வந்ததும் நின்று, அதில் தெரியும் தொகையைக் காகிதத்தில் எழுத்தால் எழுதி அறிவிப்போடு ஒப்பிடுங்கள். பெயரை அறிவிப்பிலிருந்து நகலெடுத்து ஒட்ட முடிந்தால் ஒட்டுங்கள், ஆனால் கடைசிச் சொல் வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள். இடம் தீர்ந்தால் சில பக்கங்கள் எதுவும் சொல்லாமலேயே மீதியை விட்டுவிடும்.